சர்வர்ல கை வைக்காம க்ரான் மாத்தறது

வணக்கம்ங்க. நான் பெங்களூரு மாரத்தஹள்ளி பக்கம் ஒரு கம்பெனியில சர்வர் பார்த்துக்கற வேலையில இருக்கேன். எங்க சர்வர்ல ராத்திரி பகல்னு தானா ஓடுற வேலைங்க நிறைய உண்டு, எந்த வேலை எத்தனை மணிக்குன்னு சொல்ற பட்டியல்தான் க்ரான்டேப். ரொம்ப நாள் அதை நாங்க சர்வர்லயே போய் `crontab -e` அடிச்சு திருத்திட்டு வந்துருவோம்.

ஒருநாள் ஒருத்தர் அவசரத்துல e-க்கு பதிலா r அடிச்சுட்டாரு. கீபோர்டுல ரெண்டும் பக்கத்து பக்கத்துல இருக்கு, `crontab -r` ஒரு கேள்வியும் கேக்காது, மொத்த பட்டியலையும் அழிச்சுடும். பேக்கப் நின்னு போனது எங்களுக்கு நாலு நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது, ஏன்னா ஓடாத வேலையிலேர்ந்து எரர் வராதுல்ல. அதைவிட கஷ்டம் என்னன்னா, அதுல என்னென்ன வரி இருந்துச்சுன்னு ஞாபகத்துலேர்ந்து எழுத வேண்டியதா போச்சு.

அதுக்கப்புறம்தான் எல்லாத்தையும் கிட்டுக்குள்ள கொண்டு வந்தோம். வேலைக்கு ஒரு ஃபைல், மாத்தணும்னா புல் ரிக்வஸ்ட், இன்னொருத்தர் பார்த்து சரின்னு சொன்னா டெப்ளாய் ஸ்கிரிப்ட் அதை `/etc/cron.d`ல கொண்டு போய் வைக்கும். முதல் தடவையே ஒண்ணு மாட்டுச்சு: ஃபைலுக்கு `kanakku.cron`னு பேர் வச்சிருந்தோம், எங்க உபுண்டு சர்வர்ல பேருல புள்ளி இருந்தா க்ரான் அந்த ஃபைலை கண்டுக்கவே கண்டுக்காது. `grep CRON /var/log/syslog` போட்டு பார்த்தோம், அந்த வேலை ஓடினதுக்கு ஒரு வரிகூட இல்ல, அப்பதான் புரிஞ்சுது.

ரிவ்யூ எதுக்குன்னு எனக்கு நெஜமா உறைச்சது அடுத்து நடந்ததுலதான். சிக்பேட்டை துணிக்கடைக்காரங்களுக்கு மாசத்தோட முதல் திங்கக்கிழமை காலையில ஏழரைக்கு கமிஷன் கணக்கு மெயில் போகணும். டீம்ல புதுசா வந்த திருப்பத்தூர் பையன் இப்படி எழுதி அனுப்பினான்:

```
0 2 1-7 * 1 kanakku /opt/kanakku/anuppu.sh
```

மணி ரெண்டுன்னு இருக்கறது சரிதான், சர்வர் யுடிசி நேரத்துல ஓடுது, நம்ம ஏழரை அங்க ரெண்டு. ஒண்ணுலேர்ந்து ஏழு தேதி, கிழமை திங்கள், பார்த்தா முதல் திங்கள்னுதான் தோணும். ஆனா தேதி, கிழமை ரெண்டையும் இப்படி குறிச்சு குடுத்துட்டா க்ரான் அதை "ரெண்டும் சேர்ந்து வரணும்"னு எடுத்துக்காது, "ரெண்டுல எது வந்தாலும் ஓட்டு"ன்னு எடுத்துக்கும். முதல் ஏழு நாளும் ஓடும், அப்புறம் மிச்சம் இருக்கற மூணோ நாலோ திங்கக்கிழமையும் ஓடும், ஆக மாசத்துக்கு ஒரு மெயில் போக வேண்டிய கடைக்கு பத்து, பதினொண்ணு போயிருக்கும். சர்வர்ல நேரா எழுதியிருந்தா கடைக்காரங்க போன் பண்ணித்தான் எங்களுக்கு தெரிஞ்சிருக்கும்.

நான் அதை ரிவ்யூல எழுதினேன், அவன் "அக்கா, அப்போ கிழமையை கமாண்டுக்குள்ள பார்த்துக்கறேன்"னு மாத்தி அனுப்பினான். அதுல இன்னொருத்தர் இன்னொண்ண பிடிச்சாரு. க்ரான் வரியில பர்சன்ட் குறி வந்தா அதோட கமாண்டை வெட்டிடும், அதுக்கு முன்னாடி பேக்ஸ்லாஷ் போடணும். டெர்மினல்ல அடிச்சு பார்த்தா பேக்ஸ்லாஷ் இல்லாமலே நல்லா ஓடும், அதனாலயே ஏமாந்துடுவோம். கடைசியில போனது இது:

```
0 2 1-7 * * kanakku [ "$(date +\%u)" = 1 ] && /opt/kanakku/anuppu.sh
```

`date +%u` திங்களுக்கு 1 குடுக்கும், இப்ப கிழமை கட்டத்துல ஸ்டார் இருக்கறதால தேதி மட்டும்தான் கணக்கு.

கிட்டுக்கு மாறுறவங்க ஒண்ணு மறக்காம பண்ணுங்க. `crontab -e`ல எழுதினது வேற இடத்துல, `/var/spool/cron`க்குள்ள கிடக்கும், `/etc/cron.d`ல புது ஃபைல் வச்சாலும் பழசு அப்படியே உசுரோட இருக்கும், ஒரே வேலை ரெண்டு தடவை ஓடும். அதனால முதல்ல `crontab -l` போட்டு பழசை எடுத்து கிட்டுல சேர்த்து வச்சுட்டு, புதுசு போற அன்னைக்கே பழசை காலி பண்ணிடணும். அதுக்கப்புறமும் நடுராத்திரி ஏதாவது பிரச்சனைன்னா கை பழைய பழக்கத்துக்கு போயிடும்ங்க, எங்களுக்கே போயிருக்கு. அதனால தினமும் காலையில ஒரு சின்ன ஸ்கிரிப்ட் `crontab -l -u kanakku` கேட்டு பார்க்கும், ஏதாவது ஒரு வரி இருந்தா எங்க குரூப்புக்கு மெசேஜ் வந்துடும். `/etc/cron.allow`ல பேர் இல்லாத சாதாரண யூசருக்கு க்ரான்டேப் திறக்கவே திறக்காது, அதையும் போட்டு வச்சிருக்கோம். வேலை ஓடிச்சா இல்லையான்னு ரிவ்யூ சொல்லாது, அதுக்கு தனியா கண்காணிப்பு வேணும்.

போன மாசம் இன்னொரு புதுப் பொண்ணு வந்து "அக்கா, இதை ஏன் ரெண்டு மணிக்கு வச்சீங்க, நாலுக்கு தள்ளிடலாமா, அந்த நேரம் சர்வர் சும்மாதான இருக்கு"ன்னு கேட்டா. நான் பதிலே சொல்லல, `git log` போட்டு அந்த ஃபைலோட கமிட்டை காட்டினேன். அதுல திருப்பத்தூர் பையன் எழுதியிருந்தான், "கடை திறக்கறதுக்கு முன்னாடி கணக்கு அவங்க கையில இருக்கணும், நம்ம நேரம் காலை 7.30". நாலுன்னா நம்மளுக்கு ஒன்பதரை. அவளே படிச்சுட்டு ரெண்டாவே இருக்கட்டும்னுட்டா.