அழிச்ச பிக்சல் எங்க போச்சு? ஆல்ஃபா சேனல் சொல்ற ரகசியம்

[திரையில்: நீலச் சுவருக்கு முன்னால உட்கார்ந்திருக்கிற ஒரு நாயின் படம். சுவர்ல ஒரு போன் நம்பர் எழுதியிருக்கு.]

இந்தப் படத்துல எனக்கு நாய் மட்டும் போதும். ஜிம்ப்னு படம் திருத்துற மென்பொருள்ல இரேசரை எடுத்து, சுவரையும் அதுல இருக்கிற போன் நம்பரையும் சுத்தமா அழிச்சிட்டேன். பி.என்.ஜி. ஃபைலா சேமிச்சாச்சு. திறந்து பார்த்தா நாய் மட்டும்தான் இருக்கு. இப்போ இதே ஃபைல்ல இருந்து அந்த போன் நம்பரைத் திரும்ப வரவழைக்கப் போறேன். பழைய காப்பி எதுவும் என்கிட்ட இல்ல, அழிச்ச ஃபைல் மட்டும்தான்.

எப்படின்னு புரியணும்னா முதல்ல ஒரு சின்ன விஷயம். படம்னா கட்டம் கட்டமா எண்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு எண், ஒவ்வொண்ணும் 0-ல இருந்து 255 வரைக்கும். அவ்ளோதான், இதை வகுப்புல ஏற்கனவே பார்த்திருப்பீங்க.

இப்போ யோசிச்சுப் பாருங்க. இந்த மூணு எண்ணை வச்சு "இங்க ஒண்ணுமே இல்ல"ன்னு எப்படி எழுதுவீங்க? மூணையும் 0 ஆக்கினா கறுப்பு. மூணையும் 255 ஆக்கினா வெள்ளை. எந்த எண்ணை எழுதினாலும் அது ஏதோ ஒரு நிறம்தான்! கட்டத்தையே வெட்டி எடுக்கவும் முடியாது, ஏன்னா படம் எப்பவுமே முழுச் செவ்வகம். அதனால நாலாவதா ஒரு எண் வேணும். அதுதான் ஆல்ஃபா. 255-ன்னா பிக்சல் முழுசா தெரியும், 0-ன்னா தெரியவே தெரியாது. 1977 கடைசில, நியூயார்க் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜில வேலை பார்த்த எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் ரெண்டு பேரும் கொண்டுவந்த யோசனை இது.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். உங்க வகுப்பு வருகைப் பதிவேட்டை நினைச்சுக்கோங்க. ஒருத்தர் இன்னிக்கு வரலன்னா டீச்சர் என்ன பண்றாங்க? பெயருக்கு நேரா ஒரு குறி போடுறாங்க. பெயரை பிளேடு வச்சு வெட்டி எடுக்கறதில்ல! பெயர் அதே வரிசைல, அதே இடத்துல அப்படியே இருக்கு. ஆல்ஃபா சேனல் அந்தக் குறி போடுற பத்தி மாதிரி. அரை நாள் வந்தவங்களுக்கு வேற குறி போடுவாங்க இல்லையா, அதே மாதிரி இங்க 1-ல இருந்து 254 வரைக்கும் பாதி தெரியுற நிலைகளும் உண்டு. இன்னொண்ணும் கவனிங்க. 1000-க்கு 1000 பிக்சல் படம்னா 10 லட்சம் கட்டம். ஆல்ஃபா சேர்த்ததும் இன்னும் 10 லட்சம் எண் கூடுது. ஒரு விஷயத்தை எடுத்துட்டோம்னு குறிக்கறதுக்கு கூடுதலா எழுத வேண்டியிருக்கு பாருங்க, அருமையா இல்ல?

[திரையில்: சுவர்ப் பிக்சல் ஒண்ணைப் பெரிசாக்கிக் காட்டவும்.]

சரி, நம்ம சுவர்ல இருந்து ஒரே ஒரு பிக்சலை எடுத்துக்கலாம். அதோட எண்கள் 60, 110, 200. இரேசர் பட்டதும் ஆல்ஃபா 255-ல இருந்து 0 ஆச்சு. மத்த மூணும்? அசையவே இல்ல! இப்பவும் 60, 110, 200 தான்.

அப்புறம் ஏன் கண்ணுக்குத் தெரியல? திரைல காட்டும்போது கம்ப்யூட்டர் ஒரு கணக்குப் போடுது. முதல்ல ஆல்ஃபாவை 255-ஆல வகுக்கும். வர்ற பின்னத்தால மேல இருக்கிற நிறத்தைப் பெருக்கும், மீதிப் பின்னத்தால பின்னால இருக்கிற நிறத்தைப் பெருக்கும், ரெண்டையும் கூட்டும். பின்னணி வெள்ளைன்னு வச்சுக்கோங்க. சிவப்பு எண்ணுக்கு மட்டும் போட்டுப் பார்ப்போம்.

```
சுவர், ஆல்ஃபா 0:      60 × 0 + 255 × 1 = 255
முடி, ஆல்ஃபா 51:      105 × 0.2 + 255 × 0.8 = 225
```

முதல் வரில 60-ஐ பூஜ்யத்தால பெருக்கிட்டோம், வெள்ளை மட்டும் மிஞ்சிச்சு. ரெண்டாவது வரி நாயோட உடம்பு ஓரத்துல இருக்கிற மெல்லிய முடி. இரேசரோட மிருதுவான விளிம்பு பட்டதால ஆல்ஃபா 51 ஆயிடுச்சு, அதாவது ஐந்துல ஒரு பங்கு. அதனாலதான் ஓரம் கத்தரிக்கோலால வெட்டின மாதிரி இல்லாம இயல்பா இருக்கு. ஜிம்ப்ல அழிச்ச இடத்துல தெரியுற சாம்பல் கட்டங்கள் நமக்குக் காட்டுறதுக்கு மட்டும்தான், ஃபைல்ல அது கிடையாது.

முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். அந்தப் பூஜ்யப் பெருக்கல் நடக்கறது காட்டும்போதுதான், சேமிக்கும்போது இல்ல. பி.என்.ஜி. ஃபைல் நிறத்தைப் பெருக்காம தனியாவும் ஆல்ஃபாவைத் தனியாவும் வச்சிருக்கும். அப்போ எல்லா ஆல்ஃபாவையும் 255 ஆக்கிட்டா? பைத்தான்ல Pillow நூலகத்தை வச்சுச் செஞ்சு பார்ப்போம்.

```python
from PIL import Image
p = Image.open("naai.png").convert("RGBA")
p.putalpha(255)
p.save("naai2.png")
```

[திரையில்: naai2.png திறக்குது. சுவரும் போன் நம்பரும் தெரியுது.]

வந்துடுச்சு! நாலே வரி. பைத்தான் வேண்டாம்னா ஜிம்ப்லயே செய்யலாம். இரேசர் அமைப்புகள்ல `Anti erase`-னு ஒண்ணு இருக்கு, அதை டிக் பண்ணி அழிச்ச இடத்துல தேய்ங்க. சுவர் திரும்ப வந்துடும்.

இது எல்லாப் படத்துலயும் நடக்காது. ஜிம்ப்ல பி.என்.ஜி.யா ஏற்றுமதி பண்ணும்போது `Save color values from transparent pixels`-னு ஒரு வரி வரும். அதுல டிக் இருந்தா, தெரியாத பிக்சலோட நிறமும் ஃபைலுக்குள்ள போகும். டிக்கை எடுத்துட்டா நிறம் போயிடும், நம்ம நாலு வரி ஓட்டினாலும் சுவர் வராது. இன்னும் சில மென்பொருள்கள் நிறத்தை ஆல்ஃபாவால முன்கூட்டியே பெருக்கித்தான் வச்சுக்கும். அங்க 60 × 0 = 0-ன்னு எழுதியாச்சு. பூஜ்யத்தைப் பார்த்து அது முன்னாடி 60-ஆ 200-ஆன்னு யாராலயும் சொல்ல முடியாது.

நேர் எதிரான நிலைமை ஒண்ணும் உண்டு. ஜேபெக் படத்துல ஆல்ஃபாவே கிடையாது. அதைத் திறந்து அப்படியே இரேசரால தேய்ச்சா, குறி போட இடமே இல்லாததால ஜிம்ப் பின்னணி நிறத்தை மேல பூசிடும். 60, 110, 200 இருந்த இடத்துல 255, 255, 255. Undo-வும் போயிட்டா அந்தச் சுவர் நிஜமாவே காலி. உங்க லேயர்ல ஆல்ஃபா இருக்கான்னு தெரிஞ்சுக்க லேயர் பெயரைப் பாருங்க. பெயர் தடித்த எழுத்துல இருந்தா ஆல்ஃபா இல்லன்னு அர்த்தம். `Layer → Transparency → Add Alpha Channel` கொடுத்துட்டு அப்புறம் அழிங்க.

அதே மெனுல `Remove Alpha Channel` இருக்கு. போன் நம்பர், முகவரி மாதிரி யாருக்கும் போகக் கூடாத ஒண்ணை அழிச்சா, படத்தை அனுப்பறதுக்கு முன்னாடி இதைக் கொடுத்துடுங்க. முழுசா அழிச்ச இடத்துலெல்லாம் பின்னணி நிறம் எழுதப்பட்டு, அடியில இருந்த பழைய எண்கள் போயிடும். ஆனா அரைகுறையா அழிச்ச இடத்துல, அதாவது ஆல்ஃபா 51 மாதிரி இருக்கிற இடத்துல, பழைய நிறம் ஐந்துல ஒரு பங்கு கலந்து மங்கலா நிக்கும். எழுத்து அடையாளம் தெரியறதுக்கு அதுவே போதும், அதனால நம்பர் மேல கடினமான பிரஷ் வச்சு ஒரு தடவை முழுசா அழிச்சிட்டுச் செய்யுங்க.

நீங்க பின்னணி அழிச்ச பி.என்.ஜி. படம் ஏதாவது கையில இருந்தா இப்பவே அந்த நாலு வரியை ஓட்டிப் பாருங்க. பழைய பின்னணி வந்துச்சா, ஒரே கறுப்பா வந்துச்சா, எந்த மென்பொருள்ல அழிச்சீங்கன்னு சேர்த்து கமெண்ட்ல எழுதுங்க.