மூன்று வரியில் பதில் வரும் கேள்வி

நேயர்களுக்கு வணக்கம்.

சுவர் மூலையில் மண்கூடு கட்டும் செலிஃப்ரான் குளவியைப் பார்த்திருப்பீர்கள். அது சிலந்திகளைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து, கூட்டின் அறைக்குள் அடைத்து, ஒரு முட்டையிட்டு, வாயை மண்ணால் பூசிவிடும். முட்டையிலிருந்து வரும் புழுவுக்கு அந்தச் சிலந்திகள்தான் உணவு. இந்தக் குளவிகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த புகழ்பெற்ற பூச்சியியல் அறிஞர் ஒருவருக்கு நான் இரண்டு கடிதங்கள் எழுதினேன்.

முதல் கடிதம் ஒன்றரைப் பக்கம். அவர் எழுத்தின்மேல் எனக்கிருந்த மதிப்பையெல்லாம் சொல்லிவிட்டு, "மண்குளவிகளைப் பற்றி அறிய ஆவலாக இருக்கிறேன், எங்கிருந்து தொடங்கலாம்?" என்று முடித்திருந்தேன். பதில் வரவில்லை. அதில் அவர் தவறு எதுவும் இல்லை. அந்தக் கேள்விக்கு விடை எழுத உட்கார்ந்தால் எங்கே நிறுத்துவது? நான் எதைப் படித்திருக்கிறேன், எதைப் படிக்கவில்லை என்பதுகூட அவருக்குத் தெரியாது.

சில மாதங்கள் கழித்து எழுதிய இரண்டாவது கடிதம் இவ்வளவுதான்:

"செலிஃப்ரான் குளவி, அறையில் முதலில் வைக்கும் சிலந்தியின்மேல் முட்டையிடும் என்று உங்கள் கட்டுரையில் படித்தேன். ஒரு கூட்டில் மூன்று அறைகளைத் திறந்தேன். மூன்றிலும் முட்டை, வாயருகே கடைசியாக வைத்த சிலந்தியின்மேல் இருந்தது. திறக்கும்போது இடம் மாறியிருக்குமா, இல்லை, இது வேறு குளவியா? படம் இணைத்திருக்கிறேன்."

மறுநாளே பதில் வந்தது. "அறைக்குள் மண்ணாலான குறுக்குச் சுவர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது பழைய கூட்டில் குடியேறிய ட்ரைபாக்சிலான் குளவியாக இருக்கலாம். அது பெரும்பாலும் கடைசியில் வைக்கும் சிலந்தியில்தான் முட்டையிடும்." மூன்றே வரிகள்.

முதல் கடிதம் அவரிடம் ஒரு நாள் வேலையைக் கேட்டது. இரண்டாவது, அவர் மனத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு விடையைத்தான் கேட்டது. அதைவிட முக்கியமானது, அவர் எழுதிய ஒரு வாக்கியத்தோடு என் கண்ணில் பட்டது ஒத்துப்போகவில்லை என்பது. தன் வாக்கியம் எங்கே பொருந்தவில்லை என்பதை அறிய எந்த ஆய்வாளருக்கும் ஆவல் இருக்கும். இன்னொன்று, நானே இரண்டு காரணங்களை ஊகித்து வைத்திருந்தேன். ஒன்றைத் தேர்ந்து சொன்னாலே பதிலாகிவிடும்.

ராமானுஜன் 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தை நாம் எல்லோரும் அறிவோம். அதில் நிறைந்திருந்த தேற்றங்களைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். எனக்குப் பிடித்தது வேறோர் இடம். தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டபின், ஹார்டியின் சிறுநூல் ஒன்றின் 36-ஆம் பக்கத்தை அவர் சுட்டுகிறார். ஓர் எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதற்குத் திட்டமான கோவை இதுவரை கிடைக்கவில்லை என்று அங்கே எழுதியிருப்பதைச் சொல்லி, உண்மை விடைக்கு மிக நெருங்கிவரும் கோவை ஒன்று தன்னிடம் இருக்கிறது என்கிறார். பிப்ரவரி 8 அன்று ஹார்டி பதில் எழுதினார், நிரூபணங்களைக் கேட்டு. அந்தப் பகா எண் கோவை ராமானுஜன் நினைத்த அளவுக்குத் துல்லியமானதல்ல என்பது பின்னர் தெரிந்தது. ஆனால் ஹார்டி எடுத்துச் சரிபார்க்கக்கூடிய ஒரு கூற்றாக அது இருந்தது.

இங்கே ஒரு பொறி உண்டு. விவரம் நிறைந்த கேள்வியெல்லாம் குறிப்பான கேள்வி ஆகிவிடாது. என் வீட்டுச் சுவரின் நீளம், பூச்சின் வயது, கூடு எத்தனை, எந்த மாதம் என்று எல்லாம் எழுதிவிட்டு, "இவற்றை என்ன செய்யலாம்?" என்று கேட்டால், அது என் பிரச்சினைக்குக் குறிப்பானது, அந்தப் பூச்சியியல் அறிஞரின் அறிவுக்கு அல்ல. பக்கத்தில் இருக்கும் யாரும் சொல்லிவிடலாம். அனுப்புமுன் ஒன்றைப் பாருங்கள்: அவர் பெயரை எடுத்துவிட்டு இன்னொரு நிபுணரின் பெயரை எழுதினாலும் கடிதம் பொருந்துகிறதா? பொருந்தினால் கேள்வி இன்னும் கூர்மையாகவில்லை. அவருடைய நூலிலேயே, அடுத்த அத்தியாயத்தில், விடை இருந்தாலும் கடிதம் வீண்தான். அதனால் மேற்கோள் காட்டும் கட்டுரையை முழுதும் படித்துவிட்டே எழுத வேண்டும்.

மின்னஞ்சலின் தலைப்பிலும் கேள்வியையே வைத்துவிடுங்கள். "ஒரு சந்தேகம்" என்று எழுதாமல், "செலிஃப்ரான் கூட்டில் முட்டை கடைசிச் சிலந்தியின்மேல்" என்று எழுதலாம். கேள்வி ஒன்றே இருக்கட்டும். இரண்டாவதைச் சேர்த்தால் இரண்டுமே தள்ளிப்போகும். இரண்டு வாரம் பொறுத்து ஒரு முறை நினைவூட்டலாம், அதற்குமேல் வேண்டாம். இத்தனைக்குப் பிறகும் பதில் வராமல் போகலாம். அவர் பயணத்தில் இருக்கலாம், உடல்நலம் குன்றியிருக்கலாம்.

நான் மறுபடி கூட்டைப் பார்த்தேன். குறுக்குச் சுவர் இருந்தது, இரண்டு அறைகளில். மூன்றாவதை நான் திறந்தபோதே உடைத்துவிட்டிருந்தேன். அதையும் மறைக்காமல் எழுதி அனுப்பினேன். அவர் ஒரு வரி எழுதினார்: "அடுத்த கூட்டைப் பக்கவாட்டில் வெட்டுங்கள்."