காலுக்கு வந்தவரின் கையையும் பார்க்க வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். செங்கோட்டையிலிருந்து புளியரை, ஆரியங்காவு வழியாகப் புனலூர் வரை, மலைக்கு இரண்டு பக்கமும் சுமை ஏற்றியும் லாரி ஓட்டியும் ரப்பர் பால் வெட்டியும் பிழைக்கின்ற இளைஞர்களிடம், இரத்தக்குழாய் அறுவை மருத்துவனாகிய நான் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிற ஒரு நோயைப் பற்றி இன்று பேசுகிறேன். கால்விரலில் சிறிய புண்ணாகத் தொடங்கி, ஆறாமல் கறுத்து, விரலையும் பாதத்தையும் ஒவ்வொரு பகுதியாக எடுக்க வைக்கின்ற இந்த நோய்க்குப் பர்ஜர் நோய் என்று பெயர். வியன்னாவில் வினிவார்ட்டர் என்ற மருத்துவர் 1879இல் இதனை முதலில் விவரித்தார். நியூயார்க்கில் லியோ பர்ஜர் 1908இல் வெட்டி எடுக்கப்பட்ட கால்களின் இரத்தக்குழாய்களை ஆராய்ந்து விரிவாக எழுதியதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது.

கால் அழுகல் என்றவுடன் சர்க்கரை நோய்தான் நம் நினைவுக்கு வரும்; வயதானவர்களுக்குக் கொழுப்புப் படிந்து குழாய் அடைபடுவதும் பலர் அறிந்ததே. இது அந்த இரண்டும் அன்று. பெரும்பாலும் 45 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வருவது. சர்க்கரையும் கொழுப்பும் சரியாக இருப்பவர்களுக்கு வருவது. ஆனால் புகையிலை இல்லாதவர்களுக்கு ஏறக்குறைய வராதது. பெண்களுக்கு வராது என்பதும் இல்லை. நம் பக்கத்தில் ஆண்களே மிகுதியாகப் புகைப்பதால் ஆண்களிடமே மிகுதியாகப் பார்க்கிறோம். கொழுப்பு அடைப்பு பொதுவாகப் பெரிய குழாய்களைப் பிடிக்கும். பர்ஜர் நோயோ வாய்க்காலின் கடைமடையில் தொடங்கும் அடைப்பைப் போன்றது. முழங்காலுக்குக் கீழும் முழங்கைக்குக் கீழும் உள்ள சிறிய, நடுத்தரக் குழாய்களில் அழற்சி ஏற்பட்டு, அழற்சி அணுக்கள் நிறைந்த இரத்தக்கட்டி உள்ளே உறைந்து வழியை அடைத்துவிடுகிறது. தமனி மட்டுமன்றிப் பக்கத்திலுள்ள சிரைகளும் இதில் சிக்குகின்றன. புகைப்பவர்களுள் சிலருக்கு மட்டும் ஏன் வருகிறது என்பதற்கு மருத்துவத்தில் இன்னும் முழுமையான விடை இல்லை; ஆனால் வந்தவருக்கு அதனை எரியவைத்துக்கொண்டே இருப்பது புகையிலைதான் என்பதில் ஐயம் இல்லை.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். முப்பது வயதைத் தாண்டியிருந்த சுமைதூக்கும் தொழிலாளி. தாயார் இந்த வட்டாரத்துப் பெண்கள் பலரையும் போல மடியில் தட்டு வைத்துப் பீடி சுற்றுகிறவர். மூட்டையோடு மேட்டில் ஏறினால் இவருக்கு உள்ளங்காலின் வளைவில் ஒரு பிடிப்பு வரும். இரண்டு நிமிடம் நின்றால் போய்விடும். நடந்தால் வருவதும் நின்றால் போவதுமாகிய இந்த வலி, தசைக்கு இரத்தம் போதவில்லை என்பதன் அடையாளம். அடைப்பு மிகக் கீழே இருப்பதால் கெண்டைக்காலில் வராமல் பாதத்திலேயே வலி வருகிறது. அதனால்தான் இதனைத் தட்டைப் பாதம் என்றும், வாதம் என்றும், செருப்பு சரியில்லை என்றும் நினைத்து மாதக்கணக்கில் எண்ணெய் தேய்த்துக் கழித்துவிடுகிறார்கள். இவரும் தேய்த்தார். இடையில் கணுக்காலுக்கு மேலே தோலுக்கடியில் ஒரு சிரை சிவந்து, கயிறு போலத் தடித்து, தொட்டால் வலித்தது. பத்து நாளில் அடங்கிப் பின் வேறோர் இடத்தில் கிளம்பியது. இடம் மாறி மாறி வரும் இந்தச் சிரை அழற்சியை, இளவயதில் புகைக்கிற ஒருவரிடம் கண்டால் அலட்சியம் செய்யக்கூடாது. அதன் பிறகு நகம் வெட்டும்போது பெருவிரலில் பட்ட சிறு காயம் ஆறவே இல்லை.

அவர் என்னிடம் வந்தபோது இரவு முழுவதும் கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார். படுத்தால் வலி, தொங்கவிட்டால் கொஞ்சம் தேவலை. தொங்கவிட்ட பாதம் செக்கச் செவேல் என்று இருக்கும், சற்று உயர்த்திப் பிடித்தால் வெளிறிப்போகும். பாதத்தின் நாடி கைக்குத் தட்டுப்படவில்லை. "ஒரு பீடி குடிச்சாத்தான் சார் வலி கொஞ்சம் தணியுது" என்றார். ஏக்கம் அடங்குவதால் வரும் அந்தச் சிறு நிம்மதியை வலி குறைந்ததாக அவர் எடுத்துக்கொண்டார். உண்மையில் ஒவ்வொரு பீடியும் அந்தக் குழாய்களை மேலும் சுருங்கச் செய்துகொண்டிருந்தது.

இங்கே நான் எங்கு பேசினாலும் வலியுறுத்துகிற ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காலுக்கு வந்தவரின் கையையும் பார்க்க வேண்டும். எட்கர் ஆலன் என்ற அமெரிக்க மருத்துவர் இந்த நோய்க்காகவே 1929இல் எழுதிவைத்த சோதனை ஒன்று உண்டு; பின்னாளில் சற்றுத் திருத்தப்பட்ட அதன் வடிவத்தைச் சொல்கிறேன். கருவி எதுவும் தேவையில்லை. நோயாளி கைவிரல்களை இறுக மடக்கி முட்டி பிடிக்கவேண்டும். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் ஒரு தமனியும் சுண்டுவிரல் பக்கம் ஒரு தமனியுமாக இரண்டு குழாய்கள் கைக்கு இரத்தம் கொண்டுவருகின்றன. மருத்துவர் இரண்டையும் அழுத்திப் பிடிப்பார். முட்டியைத் திறந்தால் உள்ளங்கை வெளுத்திருக்கும். இப்போது சுண்டுவிரல் பக்கத்தை மட்டும் விடவேண்டும். குழாய் திறந்திருந்தால் ஐந்து முதல் பத்து நொடிக்குள் உள்ளங்கை முழுவதும் சிவந்துவிடும். அடைபட்டிருந்தால் வெளுப்பு அப்படியே நிற்கும். பின்னர் மற்றப் பக்கத்தையும் இதேபோலப் பார்க்கவேண்டும்.

அந்த இளைஞரின் வலது உள்ளங்கை வெளுத்தே நின்றது. கையில் எனக்கு ஒன்றுமே இல்லையே என்று அவர் வியந்தார். வலி இல்லை, புண் இல்லை, மூட்டை தூக்கும் கை. ஆனால் குழாய் அடைபட்டிருந்தது. நலமாக இருக்கிற சிலருக்கும் இயல்பாகவே இந்தச் சிவப்பு தாமதமாக வரலாம் என்பதால், இதனை மட்டும் வைத்து யாரும் வீட்டில் முடிவுகட்டக் கூடாது. ஆனால் காலில் புண்ணோடு வந்த இளவயதுப் புகையாளரிடம் கையும் இப்படி இருந்தால், நோய் ஒரு காலில் இல்லை, உடம்பின் நான்கு ஓரங்களிலும் இருக்கிறது என்று பொருள். சர்க்கரை, கொழுப்பு, இதயத்திலிருந்து கட்டி வந்திருக்கும் வாய்ப்பு, இரத்தம் உறையும் தன்மையில் கோளாறு, மூட்டுகளையும் தோலையும் பிடிக்கின்ற வேறு நோய்கள் ஆகியவற்றைப் பரிசோதித்து விலக்கிய பிறகு, சாயம் செலுத்திப் படம் எடுத்தோம். தொடைக்குழாய் வழுவழுப்பாக இருந்தது. முழங்காலுக்குக் கீழே திடீரென்று நின்றுபோயிருந்தது. சுற்றிலும் சுருள் சுருளாகச் சிறு குழாய்கள் கிளம்பியிருந்தன.

அடைப்பைத் தாண்டி வேறு குழாய் வைத்துத் தைத்துவிடலாமே என்று உறவினர்கள் கேட்பார்கள். அப்படித் தைக்க அடைப்புக்கு அப்பால் திறந்த குழாய் ஒன்று வேண்டும். இந்த நோயில் பெரும்பாலும் அந்த இடம் இருப்பதில்லை. இடுப்புப் பகுதியின் நரம்பு முடிச்சுகளை நீக்கும் அறுவை உண்டு. அது தோலுக்கு இரத்த ஓட்டத்தைச் சற்றுக் கூட்டி, சிலருக்கு வலியைக் குறைத்துப் புண் ஆற உதவும். ஐலோப்ரோஸ்ட் என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினாலும் சிலருக்குப் பயன் உண்டு. இவை இரண்டும் நோயை நிறுத்துவதில்லை. நரம்பு ஆபரேஷன் செய்தாகிவிட்டது, இனி ஒன்றும் ஆகாது என்று நம்பி வாசலில் நின்று பீடி பற்றவைத்தவர்கள், அடுத்த விரலோடு திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். புகையிலையை விடுவது இந்த நோயில் மருந்தோடு சொல்லப்படும் புத்திமதி அன்று. அதுவே மருந்து. அழற்சி அடங்கினால், சுருளாகக் கிளம்பும் அந்தச் சிறு குழாய்கள் பாதத்தை உயிரோடு வைத்திருக்கும் அளவுக்கு இரத்தம் கொண்டுவந்துவிடும். புகை தொடர்ந்தால் அவையும் அடைபடும். அமெரிக்காவில் 1990இல் வெளியான ஓர் ஆய்வில், முழுமையாக விட்டவர்களுள் நூற்றுக்குச் சுமார் 5 பேருக்கு மட்டுமே பின்னர் உறுப்பை எடுக்க நேர்ந்தது. விடாதவர்களுள் அது நூற்றுக்கு 40க்கும் மேல்.

முழுமையாக என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் நம் இளைஞர் பீடியை விட்டுவிட்டார். வலிக்குத் தக்க மருந்து கொடுத்தோம். வலி தாங்காமல்தான் பலர் மீண்டும் பற்றவைக்கிறார்கள் என்பதால், வலியை அடக்குவது விடுவதற்கே ஒரு பகுதி. பெருவிரலின் நுனி போயிற்று. மீதிப் புண் சுருங்கி வந்தது. சில வாரங்களில் ஆறுவது நின்று, பக்கத்து விரல் நீலம் பாய்ந்தது. பீடி குடிக்கவில்லை என்று தாயார் அழுதுகொண்டே சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. புகையிலையிலுள்ள நிகோட்டின் உடலில் கோட்டினின் என்ற பொருளாக மாறிச் சிறுநீரில் வெளியேறும். கடைசியாகப் புகையிலையைத் தொட்டதற்குப் பின் சில நாட்கள் வரை அதனைக் கண்டுபிடிக்கலாம். சோதித்தோம், இருந்தது. வேலையிடத்தில் நண்பர்கள் கொடுத்த பொட்டலப் புகையிலையை மகன் உதட்டுக்குள் வைத்துக்கொண்டிருந்தார். புகை இல்லையே, அது கணக்கில் சேராது என்று நினைத்திருந்தார். சேரும். வெற்றிலையோடு போடும் புகையிலையும் சேரும், மூக்குப்பொடியும் சேரும், நாளுக்கு ஒன்றே ஒன்று என்று குறைத்த சிகரெட்டும் சேரும். மற்றப் புகையாளர்களுக்கு நாங்களே பரிந்துரைக்கும் நிகோட்டின் மிட்டாயும் தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டையும் கூட இந்த நோயாளிக்கு மட்டும் தவிர்க்க வேண்டியவை. நிகோட்டின் இல்லாத வேரனிக்லின், பியூப்ரோப்பியான் போன்ற மாத்திரைகளை மருத்துவர் பார்த்துக் கொடுப்பார். தாயார் தூள் எடுத்துப் பீடி சுற்றும் இடத்தில் இவர் உட்கார்ந்து உதவுவதையும் நிறுத்தச் சொன்னேன், தோல் வழியாகவும் நிகோட்டின் ஏறும் என்பதால். அந்த அம்மா தட்டோடு பக்கத்து வீட்டுத் திண்ணைக்கு மாறிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எடுத்த சோதனைகளில் கோட்டினின் இல்லை. நீலம் பாய்ந்த விரல் தப்பியது, புண் சில மாதங்களில் மூடியது. போன நுனி வரவில்லை. மேட்டில் வேகமாக ஏறினால் உள்ளங்காலில் இன்னும் பிடிக்கிறது. அடைபட்ட பழைய குழாய் திறப்பதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மூட்டை தூக்குவதை விட்டு இப்போது ஒரு கிட்டங்கியில் கணக்கு எழுதுகிறார்.

பாதத்தைப் பேணுவது பற்றித் தனியாகவே பேச எண்ணியிருந்தேன். நேரம் முடிவதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். ஆகவே மூன்றை மட்டும் சொல்கிறேன். குளிர்ந்த காலைத் தீயிலோ வெந்நீரிலோ காட்டாதீர்கள், உணர்வு குறைந்த தோல் வெந்துபோவது தெரியாது. நகத்தை ஒட்ட வெட்டாதீர்கள், வெறுங்காலோடு நடக்காதீர்கள். இரண்டு வாரத்தில் ஆறாத விரல்புண்ணோடு எண்ணெய்க்கும் கட்டுக்கும் போகாமல், நாடி பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் போங்கள். புகையிலையை விடத் துணை வேண்டுவோருக்கு மத்திய அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-2356. இன்னொரு முறை சொல்கிறேன், 1800-11-2356. வணக்கம்.