எழுத்து தெரிந்த பிள்ளை ஏன் நிறுத்தி நிறுத்தி வாசிக்கிறது?

கேள்வி: தாராவியில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். என் வகுப்பில் ஒரு பையனுக்கு எழுத்தெல்லாம் தெரிகிறது. ஆனால் பாடத்தை உரக்க வாசிக்கச் சொன்னால் சொல் சொல்லாக நிறுத்துகிறான், ஒரே குரலில் இழுக்கிறான், பாதியில் என் முகத்தைப் பார்க்கிறான். இவனை எப்படிச் சரளமாக வாசிக்க வைப்பது?

பதில்: டீச்சர், எழுத்து தெரிகிறது என்று நீங்கள் சொன்னதால் பாதி வேலை முடிந்துவிட்டது. மீதி வேலையைத் தொடங்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். அவனைத் தனியாக உட்கார வைத்து, அவன் முன்பு பார்க்காத ஒரு பத்தியைக் கொடுங்கள். நூறு சொல் அளவுக்கு இருக்கட்டும். உங்கள் கையில் அதே பத்தியின் நகல் ஒன்று வேண்டும். தவறாக வாசித்த சொல், விட்டுவிட்ட சொல், நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்த சொல் ஆகியவற்றை மட்டும் கோடிடுங்கள். ஐந்துக்குள் இருந்தால் அந்தப் பாடம் அவனுக்குப் பொருத்தமானது. பத்தைத் தாண்டினால் பாடமே அவனுக்குக் கடினம். அதை வைத்துச் சரளத்தைப் பழக்க முடியாது. இரண்டாம் வகுப்புப் பாடத்துக்கு இறங்கிவிடுங்கள், அதில் எந்தக் குறைவும் இல்லை. நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று ஆங்கிலத்துக்கு வகுத்த அளவுகளை எடுத்துக்கொண்டு இவனை அளக்காதீர்கள். ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லாக வருவது தமிழில் ஒரே சொல்லாக ஒட்டி வரும்.

இனி அவன் எங்கே நிற்கிறான் என்று பார்ப்போம். பேச வசதியாக நானே ஒரு சிறு பத்தியைச் சொல்கிறேன்.

“மழை விட்டதும் கண்ணன் வாசலுக்கு ஓடினான். தெருவில் தேங்கியிருந்த தண்ணீரில் ஒரு சிறிய தவளை தத்தித் தத்திப் போய்க்கொண்டிருந்தது. ‘இதைப் பிடிக்கலாமா?’ என்று தங்கையிடம் கேட்டான். ‘வேண்டாம், அதன் அம்மா தேடும்’ என்றாள் தங்கை.”

உங்கள் பையன் இரண்டாவது வாக்கியத்தை அநேகமாக இப்படித்தான் வாசிப்பான்: “தெருவில்... தேங்கி... இருந்த... தண்ணீரில் ஒரு... சிறிய... தவளை தத்தி... தத்திப்... போய்க்... கொண்... டிருந்... தது.” எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் தெருவில் என்ன நடந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. “தண்ணீரில் ஒரு” என்று அவன் சேர்த்த இடத்தைக் கவனியுங்கள். “ஒரு” என்பது தவளையோடு போக வேண்டியது. அதைத் தண்ணீரோடு ஒட்டிவிட்டு, தவளையைத் தனியாக விட்டுவிட்டான். தொடரை எங்கே சேர்ப்பது, எங்கே பிரிப்பது என்பது பிடிபடவில்லை. இழுப்பதும் ஒரே குரலில் போவதும் அதனால் வருபவைதான்.

“போய்க்கொண்டிருந்தது” என்ற இடத்தில் அவன் உடைவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. மும்பையில் இருக்கும் நமக்கு இது முக்கியம். அந்தப் பிள்ளை வீட்டில் திருநெல்வேலித் தமிழோ வேறு ஊர்த் தமிழோ பேசுவான், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தியும் படிக்கிறான். “போய்க்கொண்டிருந்தது” என்று முழுதாக யாரும் அவன் காதில் சொன்னதில்லை. வீட்டில் அது “போய்க்கிட்டிருந்துச்சு”. காதில் விழாத சொல் கண்ணுக்கு எப்படி ஒரே பார்வையில் பிடிபடும்? இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. புத்தகத்தை மூடிவிட்டு அந்த வாக்கியத்தை நீங்கள் வாயால் சொல்லுங்கள், அவனைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அதிலும் தடுமாறினால் சிக்கல் காதில் இருக்கிறது. எழுத்துக் கூட்டும் பயிற்சியை எவ்வளவு கொடுத்தாலும் தீராது. சரியாகச் சொல்லிவிட்டு, புத்தகத்தைத் திறந்ததும் தடுமாறினால் கண் சொல்லுக்குச் சொல் நிற்கிறது என்று பொருள். பெரும்பாலும் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மராத்தியில் க வரிசை ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து உண்டு. நமக்கு ஒரே க. “காகம்” என்பதில் முதல் க வல்லோசை, அடுத்தது மெல்ல வரும். “பங்கு” என்பதில் வேறு. “பக்கம்” என்பதில் மறுபடி வல்லோசை. அதனால் சில பிள்ளைகள் சொல்லின் நடுவில் க, த, ப வரும்போது ஒரு கணம் தயங்குவார்கள். இலக்கண விதியைச் சொல்லிப் பயனில்லை. அப்படிப்பட்ட சொற்களை நான்கைந்தாகச் சேர்த்து வாயால் சொல்ல வைத்தால் போதும்.

இப்போது பயிற்சிக்கு வருவோம். ஒரு சிறு பத்தி, ஒரு வாரம், நாளுக்குப் பத்து நிமிடம். அதற்கு மேல் வேண்டாம்.

முதல் நாள் அவன் வாசிக்கவே கூடாது. நீங்கள் வாசியுங்கள், அவன் விரல் வைத்துக் கூடவே பார்க்கட்டும். பிறகு பென்சிலை எடுத்து, நீங்கள் நிறுத்திய இடத்திலெல்லாம் அவனையே ஒரு சிறு சாய்கோடு போடச் சொல்லுங்கள். “தெருவில் தேங்கியிருந்த தண்ணீரில் / ஒரு சிறிய தவளை / தத்தித் தத்திப் போய்க்கொண்டிருந்தது.” மூன்று துண்டு. ஒவ்வொரு துண்டையும் “எங்கே?”, “யார்?”, “என்ன செய்தது?” என்று கேட்டுப் பாருங்கள், பதில் அந்தத் துண்டுக்குள்ளேயே இருக்கும். எங்கே கோடு போடுவது என்று குழம்பினால் இரண்டே பழக்கங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். “தேங்கியிருந்த”, “சிறிய”, “ஒரு” போன்றவை அடுத்து வரும் பெயரைத் தேடி நிற்பவை. அவற்றுக்குப் பின்னால் கோடு போடக்கூடாது. “விட்டதும்”, “வந்து”, “போனால்” என்று ஒரு செயல் முடிந்து அடுத்ததற்குப் போகும் இடத்தில் கோடு போடலாம்: “மழை விட்டதும் / கண்ணன் வாசலுக்கு ஓடினான்.”

நீண்ட சொல்லையும் அன்றே உடைத்துக் காட்டுங்கள். எழுத்து எழுத்தாக உடைக்காமல் பொருளோடு உடையுங்கள்: “போய்க்கொண்டு”, “இருந்தது”. பிறகு சேர்த்துச் சொல்லுங்கள். அதே வாலை வேறு வேர்களில் மாட்டுங்கள்: வந்துகொண்டிருந்தது, ஓடிக்கொண்டிருந்தது, பெய்துகொண்டிருந்தது. அந்த வாலை ஒரே துண்டாகக் கண் பழகிவிட்டால், அதற்குப் பின் வருகிற எந்தப் பாடத்திலும் அங்கே நிற்க மாட்டான்.

இரண்டாம் நாள் நீங்கள் ஒரு துண்டு வாசிக்க, அவன் அதையே உங்களுக்குப் பின்னால் வாசிக்கட்டும். காதால் கேட்டு ஒப்பிக்காமல், கண் எழுத்தின் மேல் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் நாள் இருவரும் சேர்ந்து வாசியுங்கள். பாதியில் உங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டே வாருங்கள், அவன் தொடர்வான். நான்காம் நாள் தனியாக, கோடு போட்ட பத்தியை. ஐந்தாம் நாள் அதே பத்தியை, கோடு இல்லாத புத்தகத்தில். கோடு இல்லாமலும் துண்டுகள் நின்றால் பழக்கம் வந்துவிட்டது.

சொல் சொல்லாக விரல் வைப்பதையும் இந்த வாரத்திலேயே மாற்றுங்கள். விரல் ஒவ்வொரு சொல்லிலும் குத்தி நின்றால் குரலும் குத்தி நிற்கும். துண்டின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை விரலை இழுக்கச் சொல்லுங்கள். வரி தவறுகிற பிள்ளைக்கு அட்டை கொடுப்பதாக இருந்தால், வாசிக்கும் வரிக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் அடுத்து வருவதைக் கண்ணிலிருந்து மறைத்துவிடும். சரளமாக வாசிப்பவரின் கண் எப்போதும் வாய்க்கு ஓரிரு சொல் முன்னால்தான் இருக்கும்.

இது பேச்சு வரும் இடத்தில் கூடுதலாக வேண்டும். தமிழில் “என்று கேட்டான்” என்பது பேசி முடித்த பிறகு வருகிறது. “இதைப் பிடிக்கலாமா?” என்று வாசிக்கும்போது யார் யாரிடம் கேட்கிறார் என்பது இன்னும் வரவில்லை. கண் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் குரல் சரியாக எழும். ஆகவே “உணர்ச்சியோடு படி” என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் மேடையில் பேசுவதுபோல எல்லா வரிக்கும் ஒரே ஏற்ற இறக்கம் போடுவான். மேற்கோள்குறி வரும்போது நிறுத்தி, “இதை யார் சொல்கிறார்கள், பார்த்துவிட்டு வா” என்று மட்டும் சொல்லுங்கள். பார்த்துவிட்டு வந்து வாசிப்பான், “பிடிக்கலாமா” என்பதன் கடைசி ஆகாரம் தானாக மேலே போகும். “வேண்டாம்” என்பதற்குப் பின்னுள்ள காற்புள்ளியில் தங்கை ஒரு கணம் நிற்பதும் வந்துவிடும்.

திருத்துவதைப் பற்றி. அவன் நின்றவுடன் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம், இல்லையென்றால் பக்கத்துப் பிள்ளை கத்திச் சொல்லிவிடுகிறது. உங்கள் முகத்தைப் பார்ப்பதாகச் சொன்னீர்களே, அது இப்படிப் பழகியதுதான். மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். அதற்குள் வரவில்லையென்றால் சொல்லுங்கள், ஆனால் அந்தத் துண்டை முதலிலிருந்து வாசிக்க வையுங்கள். தவறாக வாசித்தால் உடனே தடுக்காமல் வாக்கியத்தின் முடிவு வரை விடுங்கள். தானே திரும்பிப் போய்த் திருத்திக்கொண்டால் அது தவறில்லை. பொருளைக் கவனித்துக்கொண்டே வாசிக்கிறான் என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

“வேகமாகப் படி” என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள். புள்ளியையும் கமாவையும் விழுங்கிக்கொண்டு ஒரே மூச்சில் ஓட்டிவிடுவான், நாமும் முன்னேறிவிட்டான் என்று நம்பிவிடுவோம். உண்மையில் முன்னேற்றமா என்பதற்கு உங்கள் கைப்பேசியிலேயே சாட்சி இருக்கும். திங்களன்று ஒரு தடவை பதிவு செய்யுங்கள், வெள்ளியன்று ஒரு தடவை. அடுத்த வாரம் புதிய பத்தியில் முதல் வாசிப்பையும் பதிவு செய்யுங்கள். சொல் சொல்லாக நின்றவன் இரண்டு மூன்று சொல்லாகச் சேர்க்கிறானா, சேர்த்த இடம் பொருளுக்குப் பொருந்துகிறதா என்று கேளுங்கள். பழகிய பத்தி நன்றாக வருவது இயல்பு. புதிய பத்தியின் முதல் வாசிப்பு மாறுகிறதா என்பதே கணக்கு. அது இரண்டு மூன்று வாரத்தில் வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், சில பிள்ளைகளுக்கு ஒரு பருவமே ஆகும்.

இந்தப் பயிற்சி எல்லாருக்கும் பொருந்தாது. சாதாரணமாகப் பேசும்போதும் முதல் எழுத்திலேயே திக்குகிற பிள்ளைக்கு இருப்பது வாசிப்புச் சிக்கல் அல்ல. பேச்சுப் பயிற்சி தருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள், வகுப்பில் தனியாக எழுந்து வாசிக்கச் சொல்லாதீர்கள். கெ, கொ போன்ற எழுத்துகளே குழம்புகிற பிள்ளைக்கு முதலில் எழுத்துக்குத் திரும்ப வேண்டும். புத்தகத்தை முகத்தருகே பிடிக்கும் பிள்ளையின் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவனுக்கு எப்படி நேரம் ஒதுக்குவது என்று அடுத்துக் கேட்பீர்கள். வரிசையாக எழுப்பி ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்க வைக்கும் நேரத்தை இதற்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை, மற்றவர்கள் தன் முறை எந்த வரியில் வரும் என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். முதல் நாள் நீங்கள் வாசிப்பதும் கோடு போடுவதும் வகுப்பு முழுவதற்கும் நடக்கட்டும். அதன்பின் இருவர் இருவராக உட்கார வைத்தால், ஒருவன் வாசிக்க மற்றவன் கோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்கலாம். நீங்கள் அந்தப் பையனின் பக்கத்தில் போய் உட்காருங்கள்.