படத்தோடு ஒட்டாத எழுத்து: கோளாறு ஓரத்தில்தான்

கேள்வி: "சார், என் புத்தக அட்டையை போனில் படம் எடுத்து, ஆசிரியர் பெயருக்குக் கீழே 'இரண்டாம் பதிப்பு' என்று போட்டோஷாப்பில் சேர்த்தேன். எழுத்துரு அதேதான், அளவும் அதேதான். ஆனாலும் ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி இருக்கிறது. மேலே பட்டையில் இருக்கிற Sharp, Crisp, Strong, Smooth எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டேன். எதை வைக்க வேண்டும்?"

எதை வைத்தாலும் இந்தப் படத்தில் பெரிய வித்தியாசம் வராது. நீங்கள் தேடுகிற இடம் அதுவல்ல. நீங்கள் அனுப்பிய கோப்பைத் திறந்தே வைத்திருக்கிறேன், அதிலேயே காட்டிவிடுகிறேன்.

முதலில் அந்த நான்கு பெயர்களும் என்ன செய்கின்றன என்று பார்த்துவிடுவோம். ஒரு பிக்சல் என்பது சின்னச் சதுரம். 'ம்' மாதிரி ஒரு எழுத்தின் வளைவு அந்தச் சதுரத்தின் நடுவே ஓடினால், பாதிச் சதுரம் எழுத்து, பாதிச் சதுரம் தாள். பாதிச் சதுரத்துக்கு மட்டும் கறுப்படிக்க முடியாது. அதனால் மொத்தச் சதுரத்துக்கும் நடுத்தரமான ஒரு நிறத்தைக் கொடுக்கிறார்கள். ஆன்ட்டி ஏலியாசிங் என்பது இவ்வளவுதான். அந்த நடுநிறம் எவ்வளவு அழுத்தமாக இருக்க வேண்டும் என்பதில்தான் Sharp, Strong எல்லாம் வேறுபடுகின்றன. ஆனால் நான்கிலுமே இந்த வேலை ஏறக்குறைய ஒரே ஒரு பிக்சல் அகலத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஒரு பக்கம் தாள், அடுத்து ஒரு நடுநிறம், அதற்கடுத்து முழு எழுத்து.

கேமராவில் விழுந்த ஓரம் இப்படி இருக்காது. லென்ஸ் கொஞ்சம் பரப்பும், ஃபோகஸ் கொஞ்சம் தள்ளியிருக்கும். சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறத்தை மட்டும்தான் வாங்கும், மற்ற நிறங்களைப் பக்கத்துப் புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டு நிரப்புவார்கள். இதெல்லாம் சேர்ந்து ஓரத்தை மூன்று, நான்கு பிக்சலுக்கு இழுத்துவிடும். பக்கத்தில் ஒரே பிக்சலில் முடிகிற ஓரம் வந்து உட்கார்ந்தால் கண் உடனே பிடித்துவிடுகிறது. என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ தப்பு என்று தெரியும்.

சரி, அளந்து பார்ப்போம். 1600 சதவீதத்துக்குப் பெரிதாக்குகிறேன். F8 அழுத்தினால் Info பெட்டி வரும். ஐட்ராப்பர் கருவியில் Sample Size என்பது Point Sample ஆக இருக்கட்டும், இல்லையென்றால் அது பக்கத்துப் பிக்சல்களையும் கலந்து சராசரியைச் சொல்லும். ஆசிரியர் பெயரில் தடிமனான, நேராக நிற்கிற ஒரு கோட்டை எடுத்துக்கொள்கிறேன். தாளிலிருந்து எழுத்துக்குள் ஒவ்வொரு பிக்சலாக நகர்ந்தால் Info பெட்டியில் G என்று காட்டுகிற பச்சை எண் இப்படி வருகிறது, 0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை: 224, 205, 160, 102, 62, 49. அதற்கப்புறம் 48லேயே நிற்கிறது.

தாள் 225, எழுத்து 48. இடைவெளி 177. இரண்டு முனையிலும் பத்துப் பத்து சதவீதத்தை விட்டுவிட்டால், 207இலிருந்து 66 வரை இறங்குவதற்கு எத்தனை பிக்சல் ஆகிறது என்பதுதான் கேள்வி. 205இலிருந்து 62க்கு மூன்று தாவல். ஆக, ஓரத்தின் அகலம் மூன்று பிக்சல். அந்த அகலத்தை 2.5ஆல் வகுத்தால் Gaussian Blur பெட்டியில் போட வேண்டிய ஆரம் ஏறக்குறைய வந்துவிடும். இங்கே 1.2. நீங்கள் தட்டிய எழுத்தின் ஓரத்திலேயே ஏற்கெனவே கொஞ்சம் மென்மை இருப்பதால் 1.1இல் தொடங்கலாம். இது தொடக்கம்தான், முடிவைக் கண் சொல்லட்டும். ஆனால் 0.3 போடுவதா 3 போடுவதா என்று தடவிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மங்கலாக்குவதற்கு முன்னால் நிறத்தைப் பாருங்கள். நீங்கள் சுத்தக் கறுப்பு வைத்திருக்கிறீர்கள், அதாவது 0. படத்தில் இருக்கிற மை 48. உங்கள் எழுத்து ஓரத்தை எவ்வளவு மென்மையாக்கினாலும் இந்தக் கறுப்பு அதைத் தூக்கிக் காட்டிக்கொண்டே இருக்கும். ஏனென்றால் அதே மூன்று பிக்சலுக்குள் 225இலிருந்து 0க்கு இறங்க வேண்டியிருக்கிறது, சரிவு செங்குத்தாகிவிடுகிறது. நிறத்தை ஆசிரியர் பெயரிலிருந்தே எடுங்கள். எடுப்பதும் தடித்த கோட்டின் நடுவிலிருந்துதான். மெல்லிய கோட்டில் எடுத்தால் அது ஏற்கெனவே மங்கி வெளுத்த நிறம். அதை வைத்து மறுபடியும் மங்கலாக்கினால் இரண்டு தடவை வெளுத்துவிடும். இந்தத் தப்பை நான் ரொம்ப நாள் செய்துகொண்டிருந்தேன்.

இப்போது எழுத்து லேயரின் மேல் வலது கிளிக் செய்து Convert to Smart Object. அட்டையின் சாய்வுக்கேற்ப Ctrl+T போட்டுத் திருப்புவது, பெர்ஸ்பெக்டிவ் சரிசெய்வது எல்லாவற்றையும் முதலில் முடித்துவிடுங்கள். அப்புறம் Filter > Blur > Gaussian Blur, 1.1. ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் என்பதால் நாளைக்கு 'மூன்றாம் பதிப்பு' என்று மாற்ற வேண்டுமென்றால் உள்ளே போய்த் தட்டினால் போதும், மங்கல் அப்படியே இருக்கும். எண் பிடிக்கவில்லையென்றால் அதையும் மாற்றிக்கொள்ளலாம்.

சரியாக வந்ததா என்று பார்க்கத் தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. புள்ளி! மெய்யெழுத்தின் மேலிருக்கிற அந்தச் சின்ன வட்டத்தை எல்லாப் பக்கத்திலிருந்தும் தாள் அரிக்கிறது, அதனால் மங்கல் எவ்வளவு என்பதை அது அப்பட்டமாகக் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் 'ம்' மேலிருக்கிற புள்ளி மூன்று பிக்சல் குறுக்களவுதான் இருக்கிறது. 1.1 மங்கலில் அதன் நடுப்பகுதிகூட 48க்கு இறங்காது, 120க்கு அருகிலேயே நின்றுவிடும். ஆசிரியர் பெயரிலும் அதே அளவில் ஒரு புள்ளி இருக்கிறது. இரண்டின் நடுவிலும் எண்ணைப் பாருங்கள். உங்களுடையது 80 என்றால் மங்கல் போதவில்லை, 150 என்றால் கூடிவிட்டது. இன்னொரு இடம் 'ண்' எழுத்தின் சுழி. உள்ளே இருக்கிற வெள்ளை அச்சில் இருப்பதைவிட எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்று மேலேயும் கீழேயும் ஒப்பிடுங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகும் உங்கள் எழுத்து ஒரு நூல் தடித்துத் தெரியலாம். அதற்குக் காரணம் இருக்கிறது. லென்ஸ் கலப்பது வெளிச்சத்தை. போட்டோஷாப் வழக்கமான அமைப்பில் கலப்பது கோப்பில் எழுதியிருக்கிற எண்களை. வெள்ளையும் கறுப்பும் பாதிப்பாதி வெளிச்சமாகக் கலந்தால் 188 வாக்கில் வரும், எண்ணாகக் கலந்தால் 128. அதனால் வெளிர்தாளில் கருமை எழுத்து என்றால் நம்முடைய ஓரம் கொஞ்சம் கருமைப் பக்கம் சாய்கிறது. இங்கேதான் நீங்கள் மாற்றி மாற்றிப் பார்த்த அந்தப் பட்டியல் உதவிக்கு வரும். ஸ்மார்ட் ஆப்ஜெக்டுக்குள் போய் Strong என்றிருப்பதை Sharp ஆக்குங்கள். மங்கல் போட்ட பிறகு இந்த நான்குக்கும் இடையே மிஞ்சுவது தடிமனில் ஒரு சின்ன வித்தியாசம் மட்டும்தான், அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். None மட்டும் வேண்டாம், படிக்கட்டு லேசான மங்கலிலும் எட்டிப் பார்க்கும். Windows LCD என்று ஒன்று இருந்தால் அதையும் தொடாதீர்கள், அது திரைக்காக ஓரத்தில் வண்ணம் பூசுகிற முறை.

போன் படம் என்பதால் இன்னொரு விஷயமும் இருக்கிறது. போன் தானாகவே படத்தைக் கூர்மையாக்கிவிடும். ஆசிரியர் பெயரைச் சுற்றி, தாளைவிட வெளுப்பாக மெல்லிய ஒரு கோடு ஓடுவதைப் பாருங்கள், 232 வாக்கில். அதுதான் அந்தக் கூர்மையின் தடம். உங்கள் எழுத்தைச் சுற்றி அது இல்லை. Unsharp Mask போட்டால் வரும் என்று நினைப்பீர்கள், வராது. அந்த லேயரில் எழுத்தைச் சுற்றி வெறும் வெளிதானே, வெளுக்க அங்கே தாளே இல்லை. அதனால் ஒரு ஏமாற்று வேலை: Layer Style போய் Outer Glow, வெள்ளை நிறம், Screen, அளவு மூன்று பிக்சல், அடர்த்தி பத்து பதினைந்து சதவீதம். அதற்கு மேல் போனால் எழுத்து எரிகிற மாதிரி ஆகிவிடும். படத்தில் அந்த வெளுப்பு இல்லையென்றால் இதைச் செய்யவே வேண்டாம்.

மங்கல் எல்லா இடத்திலும் ஒரே அளவு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் அட்டை மேசையில் சாய்ந்து கிடக்கிறது. கீழே இருக்கிற பதிப்பகப் பெயரை அளந்தால் இரண்டு பிக்சல்தான், மேலே தலைப்பில் நான்கு. அதனால்தான் பக்கத்திலிருக்கிற ஆசிரியர் பெயரை எடுத்தேன். எழுத்து வைக்கிற இடத்திலிருந்து தள்ளி அளந்தால் கணக்கு சரியாக இருந்தும் விடை தப்பாகிவிடும். நின்ற கோட்டை அளந்தது போலப் படுத்த கோட்டையும் ஒரு தடவை அளந்துவிடுங்கள். ஒன்று மூன்று, இன்னொன்று ஆறு என்று வந்தால் எடுக்கும்போது கை ஆடியிருக்கிறது. அப்போது Gaussian மட்டும் போதாது, அதன் மேல் Motion Blur கொஞ்சம் சேர்க்க வேண்டும். உங்கள் படத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், பிரச்சினையில்லை.

இப்போது 100 சதவீதத்தில் வைத்துப் பாருங்கள். 33, 67 மாதிரி இடையளவுகளில் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், அங்கே திரை தானே படத்தைக் குறுக்கிக் கலக்கிக் காட்டுகிறது. இன்னமும் எழுத்தின் உட்புறம் மட்டும் மொழுமொழு என்று தெரிந்தால் அது ஓரத்தின் குற்றமில்லை, படத்திலிருக்கிற மணல் போன்ற இரைச்சல் உங்கள் எழுத்தில் இல்லை. Add Noise, Monochromatic, ஒன்று அல்லது ஒன்றரை சதவீதம், எழுத்தின் மேல் மட்டும். இது கடைசியில்தான். முன்னாலேயே போட்டால் மங்கல் அதைத் துடைத்துவிடும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். இந்தப் படம் 1200 பிக்சல் அகலம்தான் இருக்கிறது. போனில் எடுத்த மூலப்படம் 4000 இருக்குமே? அது கையில் இருந்தால் இந்த வேலையை அதிலேயே செய்யுங்கள். அளவு மாறும், அதனால் ஓரத்தை மறுபடி அளக்க வேண்டும். ஆனால் கடைசியில் 1200க்குக் குறுக்கும்போது பழைய எழுத்தும் புது எழுத்தும் ஒன்றாகக் குறுகும். மீதமிருந்த சின்னச் சின்ன வித்தியாசங்கள் அதிலேயே அடங்கிவிடும். சேமிப்பதும் ஒரே தடவை ஜேபெக்காக, அப்போது அந்தக் கட்டம் கட்டமான அழுத்தல் இரண்டு எழுத்துகளின் மேலும் சேர்ந்தே விழும்.