ரெஸ்யூமேல நாலு மொழி இருக்கு, போன்ல எது வரும்?

வணக்கம் ஃப்ரெண்ட்ஸ். இன்னைக்கு ஸ்க்ரீன்ல ஒரு மாதிரி ரெஸ்யூமே போட்டிருக்கேன். ஓப்பனிங் என்னன்னா சென்னையில ஒரு கால் சென்டர்ல இன்பவுண்ட் வாய்ஸ் ப்ராசஸ், அதாவது கஸ்டமர் பண்ற காலை எடுத்துப் பேசற வேலை, தமிழும் இந்தியும் வேணும், ரொட்டேஷனல் ஷிஃப்ட்.

முதல்ல மொழி. தமிழ், இங்கிலீஷ், இந்தி, தெலுங்குன்னு நாலு இருக்கு. இந்திக்கு நேரா படிக்க, எழுத, பேசன்னு மூணு டிக். கீழ பாருங்க, இந்தி பிரசார சபாவோட பிரவேசிகா பாஸ். பள்ளிக்கூடமும் வேலையும் தமிழ்நாட்டுலதான். அப்போ இந்தி பரீட்சைக்காகப் படிச்சதா இருக்கலாம். படிப்பாங்க, எழுதுவாங்க, ஆனா கோபமா பேசற கஸ்டமருக்கு உடனே பதில் வருமாங்கறது இந்தத் தாள்ல தெரியாது. தெலுங்குக்கு 'பேச' மட்டும்தான் டிக். நிறைய பேர் இதைக் குறையா பாக்கறாங்க, எனக்கு அதுல உடன்பாடே இல்ல. வீட்டுல பேசற மொழியா இருக்கலாம். சாட்டுக்கு அது உதவாது, வாய்ஸுக்கு நல்லாவே உதவும்.

இந்தியை சோதிக்க 2 நிமிஷ போன் கால் போதும். உங்களைப் பத்தி சொல்லுங்கன்னு கேக்காதீங்க, அதை மனப்பாடம் பண்ணியிருப்பாங்க. இந்தியில ஒரு தொகை சொல்லி திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. உன்சட்னா 59, உன்ஹத்தர்னா 69. பேசிப் பழகாதவங்க இந்த இடத்துலதான் தடுமாறுவாங்க. ரீஃபண்ட் தொகை தப்பாப் போறதும் இப்படித்தான்.

அடுத்து அனுபவம். '2 வருஷம் கஸ்டமர் சப்போர்ட், ஒரு நாளைக்கு 150 கால், ஏஹெச்டி 6 நிமிஷம்'. ஏஹெச்டின்னா ஒரு காலுக்கு ஆகற சராசரி நேரம். 150ஐ 6ஆல பெருக்குங்க, 900 நிமிஷம், அதாவது 15 மணி நேரம். பிரேக் போக 8 மணி நேர லாகின்ல மூச்சு விடாம எடுத்தாக்கூட 80 கால்தான். பொய்னு உடனே தள்ளிடாதீங்க. ஒரே நேரத்துல 2, 3 சாட் பாத்திருந்தா இந்தக் கணக்கு சரியா வரும். அப்போ இவங்க வாய்ஸ் இல்ல, சாட் ப்ராசஸ்ல இருந்தவங்களா இருக்கலாம். 'ஹெட்செட் போட்டு லைவ் கால் எத்தனை மாசம் எடுத்தீங்க?'ன்னு நேராவே கேட்டுடுங்க.

ஷிஃப்டுக்கு 'எந்த ஷிஃப்டும் ஓகே'ன்னு எழுதியிருக்கு. எல்லா ரெஸ்யூமேலயும் இருக்கற வரி இது, இதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. முன்னாடி பாத்த ஷிஃப்டோட நேரத்தைக் கேளுங்க. இவங்க படிப்புல எம்பிஏ, '2ஆம் ஆண்டு, மாலை வகுப்பு'ன்னு இருக்கு. அப்போ மதியம் 2லருந்து ராத்திரி 11 வரைக்கும் ஓடற ஷிஃப்ட் வாரத்துக்கு எத்தனை நாள் முடியும்? வீடு செங்கல்பட்டு, ஆபீஸ் அம்பத்தூர். ஆபீஸ் கேப் போற எல்லைக்குள்ள வீடு வருதான்னு டிரான்ஸ்போர்ட்ல கேட்டுட்டு அப்புறம் கூப்பிடுங்க. எல்லைக்கு வெளியன்னா ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்குப் போக வழி இருக்காது, அது அவங்க தப்பும் இல்ல.

நான்னா இவங்களை இந்த ஓப்பனிங்குக்கு நிறுத்தி வெச்சுட்டு, தெலுங்கு வாய்ஸ்ல காலை ஷிஃப்ட் இருக்கான்னு முதல்ல பாப்பேன்.