கேஸ் டியூப்: ரப்பரா, ஸ்டீல் பின்னலா?

கேள்வி: "அண்ணே, செல்லூரிலிருந்து கேட்கிறேன். எங்கள் ஆரஞ்சு கேஸ் டியூப் போட்டு மூன்று வருடம் ஆகிறது. அடுப்புப் பக்கம் மயிரிழை மாதிரி கோடு விழுந்திருக்கிறது. கடையில் ஸ்டீல் பின்னல் டியூப் போட்டால் வெடிக்கவே வெடிக்காது என்கிறார்கள். மாற்றிவிடலாமா?"

மாற்றத்தான் வேண்டும், சகோதரி. ஆனால் ஸ்டீல் பின்னலுக்கு அல்ல, இன்னொரு ஆரஞ்சு டியூபுக்கே மாற்றுங்கள்.

கடைகளில் பளபளவென்று தொங்குகிற பின்னல் டியூப்களில் பெரும்பாலானவற்றை வெட்டிப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரு ரப்பர் குழாய்தான். கேஸைப் பிடித்து வைத்திருப்பது அந்த ரப்பரே தவிர, மேலே உள்ள கம்பிப் பின்னல் அல்ல. கேஸ் ஏஜென்சியில் கிடைக்கும் ஆரஞ்சு டியூபிலும் ஸ்டீல் கம்பி உண்டு, ஆனால் அது இரண்டு ரப்பர் அடுக்குகளுக்கு நடுவே மறைந்திருக்கிறது. எலி கடித்தாலும் அந்தக் கம்பியைத் தாண்டுவது கடினம். ஆகவே இரண்டிலும் கம்பி இருக்கிறது, ஒன்றில் அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். வெடிக்காது என்ற பேச்சும் இங்கே பொருந்தாது, ஏனென்றால் ரெகுலேட்டரைத் தாண்டி டியூபுக்குள் வரும் அழுத்தம் ஏறக்குறைய முப்பது சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் மட்டுமே. அதற்கு டியூப் வெடிப்பதில்லை. ரப்பர் கெட்டுப்போய்க் கசிகிறது.

ரப்பர் கெடுவது எப்படி என்று சொல்கிறேன். புது ரப்பரை வளைத்தால் வளையும், விட்டால் பழைய நிலைக்கு வரும். சூடும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்து நாளடைவில் அதை இறுகச் செய்கின்றன. மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய்ப் பொருளும் மெல்ல வெளியேறிவிடுகிறது. பத்து டிகிரி சூடு கூடினால் ரப்பர் மூப்படையும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. சித்திரை வெயிலில் நம் மதுரை அடுப்படி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், அதற்கு மேல் பர்னருக்குப் பின்னால் டியூபும் கிடந்தால் அந்த ஒரு சாண் நீளம் மட்டும் மற்ற பகுதிக்கு முன்பே கிழடாகிவிடும். ஸ்டீல் பின்னல் தீப்பிடிக்காது, ஆனால் உள்ளே சூடு போவதைத் தடுக்காது. விரிசல் முதலில் தோன்றுவதும் ரப்பர் இழுபட்டு நிற்கும் இடங்களில்தான்: வளைவின் வெளிப்புறத்திலும், நாசிலுக்குள் ஏற்றிய விரிந்த முனையிலும். கோடுகள் இழுப்புக்குக் குறுக்காகவே விழும்.

திருமங்கலத்தில் ஒரு வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பின்னல் டியூப் போட்டு நான்கு வருடம், மேலே ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் காலையில் கதவைத் திறந்தால் லேசாக வாடை வருகிறது என்றார்கள். அடுப்பு நாப்களை மூடி, ரெகுலேட்டரை மட்டும் திறந்து, சோப்புத் தண்ணீர் தடவினேன். அடுப்பு முனையில் பின்னல் முடிகிற வளையத்துக்கு அடியில் சின்னச் சின்னக் குமிழாக வந்தது. முனைதான் குற்றவாளி என்று நினைத்தேன். கழற்றி வெட்டிப் பார்த்தபோது முனை நன்றாகவே இருந்தது. மேடை ஓரத்தில் டியூப் மடங்கி இறங்கும் இடத்தில்தான் உள்ளே இருந்த ரப்பர் அப்பளம் போல நொறுங்கியது. பின்னலின் மேல் பிளாஸ்டிக் பூச்சு இருந்ததால் கேஸ் அதற்கு அடியிலேயே ஓடி முனையில் வெளிவந்திருக்கிறது. இதனால்தான் பின்னல் டியூபை நான் பரிந்துரைப்பதில்லை: ரப்பர் கெட்டது கண்ணுக்குத் தெரியாது. உங்கள் ஆரஞ்சு டியூபோ கோடு போட்டுக் காட்டிவிட்டது, அது குறை அல்ல, அதன் நல்ல குணம்.

ரப்பரே இல்லாத, மடிப்பு மடிப்பான ஸ்டெயின்லெஸ் குழாயும் உண்டு. ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் அடுப்புக்கு அது சரி, ஆனால் சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் இழுத்து மடக்கினால் உலோகமும் அலுத்துப்போய் விரிசல் விடும்.

ஆரஞ்சு டியூபுக்குச் சொல்லப்படும் ஆயுள் ஐந்து வருடம். ஆனால் விரிசல் தெரிந்த பிறகு வருடக் கணக்கு செல்லாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தயாரித்த வருடமும் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து, ஒன்றரை மீட்டருக்கு மேல் போகாமல் வாங்குங்கள். மாட்டும்போது சிலர் முனையை நெருப்பில் காட்டி இளக்குவார்கள், அது புது டியூபை அன்றைக்கே கிழடாக்கும் வேலை. பர்னருக்குப் பின்னால் போகாமல் பக்கவாட்டில் இறக்குங்கள், மேலே துணியோ பிளாஸ்டிக் உறையோ சுற்றாதீர்கள். ரெகுலேட்டரை மூடிவிட்டுப் பழைய டியூபைக் கழற்றும்போது அதன் வாயைப் பாருங்கள்: சுருங்காமல் நாசிலின் அளவுக்கே விரிந்து நின்றால் ரப்பர் இறுகிவிட்டது என்று பொருள். அதை நடுவில் இரண்டாக வெட்டிப் போடுங்கள், இல்லையென்றால் நம் வீட்டிலேயே யாராவது மொட்டைமாடி அடுப்புக்கு எடுத்து மாட்டிவிடுவார்கள்.